போலி விசையும் நிறைகோலும்

தமிழ் இலக்கணத்தில் 'போலி' என்பது வசைச்சொல் அன்று. ஒரு சொல்லில் ஓரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்று, அதனால் பொருள் மாறாதிருக்குமானால் அதற்குப் போலி என்று பெயர். அறம் என்றாலும் அறன் என்றாலும் பொருள் ஒன்றே. பந்தலைப் பந்தர் என்றாலும் நிழல் குறைவதில்லை. ஐந்து என்பது அஞ்சு என்று முழுவதுமாக உருமாறிய பின்னும் கைவிரல்களின் எண்ணிக்கை அதேதான். வந்து நின்ற எழுத்து உரிய எழுத்து அன்று. ஆயினும் அதன் வேலையைக் குறைவறச் செய்கிறது. இலக்கணம் அதை ஏற்றுக்கொண்டு ஒரு பெயரும் கொடுத்திருக்கிறது.

வழக்குத் தமிழிலோ இந்தச் சொல் வேறு பாதையில் போய்விட்டது. போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலி நகை என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அங்கே போலி என்றால் ஏமாற்று. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு போலி உண்டு. அது பள்ளி இயற்பியல் பாடநூலில் இருக்கிறது. 'போலி விசை' என்று பெயர்.

நம் கல்லூரியில் அறிவியல் மாணவர்களுக்கும் பகுதி ஒன்று தமிழ் உண்டு. முதலாண்டு இயற்பியல் வகுப்பில் நன்னூலின் போலிப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அதிகம் பேசாதவர், பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவர். "ஐயா, போலி விசை என்கிறார்களே, அது இந்தப் போலியா, கள்ள நோட்டுப் போலியா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அழைத்துக் கேட்டபோது விவரம் தெரிந்தது. உள்தேர்வில் ஒரு வினா. அறுபது கிலோ உள்ள ஒருவர் மின்தூக்கிக்குள் எடைக்கருவி மீது நிற்கிறார்; மின்தூக்கி மேல்நோக்கி முடுக்கமடைகிறது; கருவி என்ன காட்டும்? இவர் எழுதிய விடை இது: 'கீழ்நோக்கி ஒரு போலி விசை செயல்படுவதாகச் சொல்வார்கள், போலி விசை என்பது உண்மையில் இல்லாதது, ஆகவே கருவி அறுபதையே காட்டும்.' மதிப்பெண் சுழியம். இயற்பியல் தமக்கு வராது, துறை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய விடை தவறு. ஆனால் தருக்கத்தில் ஓட்டை இல்லை. அவரை வழுக்கி விட்டது கணக்கு அன்று, ஒரு தமிழ்ச்சொல். அப்படியிருக்க, தமிழாசிரியர் தமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா?

இயற்பியல் துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். "பேசுவானேன், ஏறிப் பார்த்துவிடலாமே" என்றார் அவர். நம் கல்லூரியின் புதிய கட்டடத்தில் ஐந்து மாடி, மின்தூக்கி உண்டு. முதலில் ஓர் எண்முறை எடைக்கருவியைக் கொண்டுபோனோம். அது உதவவில்லை. அந்த வகைக் கருவி, மேலே நிற்பவரின் அசைவு அடங்கி அளவு நிலைத்த பிறகே ஓர் எண்ணைக் காட்டும். காட்டிய எண்ணை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மின்தூக்கி வேகம் பெறுவதோ ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும் காரியம். ஆகவே உடற்கல்வித் துறையின் மூலையில் கிடந்த பழைய முள் கருவியைத் தூசி தட்டி எடுத்து வந்தோம். அதற்குள் இருப்பது வில். நாம் அழுத்தும் அளவுக்கு வில் சுருங்கும்; முள் திரும்பும்.

மாணவர் கைப்பேசியில் முள்ளைப் படமெடுத்தார். கருவி மீது ஏறியது நாம். நம் எடை அறுபது கிலோ என்பது இந்தச் சோதனைக்கு வாய்ப்பாக அமைந்தது. நண்பர் இரண்டு எச்சரிக்கைகள் தந்தார். ஒன்று, முழங்காலை மடக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே சற்றுக் குந்தி எழுந்தாலும் முள் ஆடும், அதை மின்தூக்கியின் கணக்கில் எழுதிவிடுவோம். மற்றொன்று, வில் ஆகையால் முள் முதலில் சற்றுத் தாண்டிப் போய்த் திரும்பும். அந்த முதல் துள்ளலை விட்டுவிட்டு, அது தங்கும் இடத்தையே அளவாகக் கொள்ள வேண்டும்.

கதவு மூடியது. மின்தூக்கி புறப்பட்டபோது முள் அறுபதிலிருந்து ஏறி அறுபத்தைந்தை ஒட்டி நின்றது. ஒரு நொடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பிறகு மூன்று மாடி தூரம் முள் அறுபதிலேயே அசையாதிருந்தது. ஐந்தாம் மாடியை நெருங்கியபோது ஐம்பத்தைந்துக்கு இறங்கி, நின்றதும் அறுபதுக்கு வந்தது. கீழே இறங்கும்போது வரிசை தலைகீழ்: புறப்படுகையில் ஐம்பத்தைந்து, நடுவில் அறுபது, தரைத்தளத்தில் நிற்கும் முன் அறுபத்தைந்து.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே போனால் எடை கூடும், கீழே வந்தால் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முள் அப்படிச் சொல்லவில்லை. மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, நிற்கப் போகும் தறுவாயில், எடை குறைந்தது. கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே கூடியது. சீரான வேகத்தில் செல்லும்போது மேலேறுகிறோமா கீழிறங்குகிறோமா என்பது முள்ளுக்குத் தெரியவே இல்லை. முள் அறிவது வேகத்தை அன்று, வேகம் மாறுவதை. அதற்கே முடுக்கம் என்று பெயர். மேலே போகும் வேகம் கூடுவதும் கீழே வரும் வேகம் குறைவதும் முள்ளின் பார்வையில் ஒன்றே. இரண்டிலும் முடுக்கம் மேல்நோக்கியே இருக்கிறது.

இனி அந்த ஐந்து கிலோவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நண்பர் சுவரோரம் நின்றபடியே சொன்னார். மின்தூக்கிக்கு வெளியே, நடைவழியில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம், சுவரெல்லாம் கண்ணாடி. உள்ளே நிற்கும் நம் மீது அவர் காணும் விசைகள் இரண்டே. பூமி கீழே இழுக்கிறது. அறுபது கிலோ நிறைக்கு அந்த இழுப்பு 588 நியூட்டன், அறுபதை 9.8 ஆல் பெருக்கினால் வருவது. கருவியின் மேல்தட்டு மேல்நோக்கித் தள்ளுகிறது. மின்தூக்கி நின்றிருக்கும்போது இரண்டும் சமம். ஆனால் மின்தூக்கியோடு நாமும் மேல்நோக்கி வேகம் பெற வேண்டுமென்றால், தள்ளுவது இழுப்பதைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். அந்த மின்தூக்கியின் முடுக்கம் நொடிக்கு நொடி 0.8 மீட்டர் என்று கொண்டால், அறுபது கிலோவை அப்படி முடுக்க 48 நியூட்டன் மிகுதியாகத் தேவை. எனவே தட்டு தள்ளும் விசை 636 நியூட்டன். கருவிக்கு நியூட்டன் தெரியாது. அதைச் செய்தவர்கள் 9.8 ஆல் வகுத்துக் கிலோவாக எழுதியிருக்கிறார்கள். 636 ஐ 9.8 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 65. முள் நின்ற இடம் அதுதான். நிற்கப்போகும்போது இதே 48 நியூட்டனைக் கழித்தால் 540. அது 55 கிலோ.

இதில் நம்மை நெடுநேரம் நிறுத்திய செய்தி வேறொன்று. பூமியின் இழுப்பு இந்தப் பயணம் முழுவதும் 588 நியூட்டனாகவே இருந்தது. ஐந்து மாடி உயரத்தில் அது குறைவது கருவிக்குத் தென்படவே தென்படாத அளவு. மாறியதெல்லாம் தட்டு தள்ளும் விசை ஒன்றே. கருவி காட்டியதும் அதைத்தான். கால் உணர்ந்ததும் அதைத்தான். எடை என்று நாம் வாழ்நாளெல்லாம் உணர்வது பூமி நம்மை இழுப்பதை அன்று. தரை நம்மைத் தாங்கித் தள்ளுவதை. இயற்பியலார் இதைத் தோற்ற எடை என்கிறார்கள். தரை இல்லாமற் போனால், அதாவது மின்தூக்கியும் நாமும் சேர்ந்து தடையின்றி விழுந்தால், தட்டு தள்ள ஏதுமில்லை. முள் சுழியத்தில் நிற்கும். அப்போதும் பூமி அதே 588 நியூட்டனால் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களின் நிலையும் இதுவே. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் இழுப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருக்கிறது. அவர்கள் நிலையத்தோடு சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் எடையை உணர்வதில்லை.

"இதில் போலி விசை எங்கே வந்தது, சார்?" என்றார் மாணவர். நியாயமான கேள்வி. வெளியே நிற்பவரின் கணக்கில் அது வரவே இல்லை.

வெளியே நிற்பவரை மறந்துவிட்டு, சாளரமற்ற மின்தூக்கிக்குள் நிற்பவராகவே கணக்குப் போடுவோம். அவருக்குத் தாம் அசைவதாகவே தோன்றவில்லை. தட்டின் மீது நின்றபடி நிற்கிறார். நிற்கும் பொருள் மீது மேலும் கீழும் விசை சமமாக இருக்க வேண்டும். தட்டு மேல்நோக்கி 636 நியூட்டன் தள்ளுவதை முள் சொல்கிறது. கீழ்நோக்கிப் பூமி 588 தருகிறது. மீதி 48 எங்கே? அவர் கணக்கு நேராக வேண்டுமானால், கீழ்நோக்கி 48 நியூட்டன் அளவில் இன்னொரு விசையை வைத்தாக வேண்டும். அந்த விசைதான் போலி விசை. அளவு நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கினால் வருவது. திசை மின்தூக்கியின் முடுக்கத்துக்கு நேர் எதிர்.

நண்பர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த தாளின் ஓரத்தில் இரண்டு வரி எழுதினார்:

N − mg = ma
N − mg − ma = 0

முதல் வரி வெளியே நிற்பவருடையது. இரண்டாம் வரி உள்ளே நிற்பவருடையது. வலப்பக்கம் முடுக்கமாக இருந்த ஒன்று, குறி மாறி இடப்பக்கம் வந்து விசையாக அமர்ந்திருக்கிறது. N இன் மதிப்பு இரண்டிலும் ஒன்றே. இதைப் பார்த்ததும் நமக்கு நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கிறது, பொருள் மாறவில்லை. "தம்பி, இது கள்ள நோட்டு அன்று; நம் வகுப்பில் படித்த போலியேதான்" என்றோம். அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அப்படியானால் நான் போலி விசையை விட்டதோடு நில்லாமல், முடுக்கத்தையும் சேர்த்து விட்டுவிட்டேன்" என்றார். தம் பிழை எங்கே என்று அவரே கண்டுகொண்டார். இரண்டில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். இரண்டையும் எழுதினாலும் பிழை, இரண்டையும் விட்டாலும் பிழை. பந்தல் என்றோ பந்தர் என்றோ முடிக்கலாம். இறுதி எழுத்தே இல்லாமல் 'பந்த' என்று நிறுத்த முடியாது. அதன்பின் அவர் துறை மாறும் பேச்சை எடுக்கவில்லை.

ஆனாலும் ஒப்புமையை அதன் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. அறன் என்னும் சொல்லின் னகரம் மகரத்தைப் போலவே ஓர் எழுத்து. போலி விசையோ பிற விசைகளைப் போன்றதன்று. விசை என்றால் அதைச் செலுத்தும் பொருள் ஒன்று இருக்க வேண்டும். செலுத்திய பொருள் மீது எதிர்விசையும் இருக்க வேண்டும். தட்டு நம்மைத் தள்ளுகிறது, நாம் தட்டை அழுத்துகிறோம். பூமி நம்மை இழுக்கிறது, நாமும் பூமியை இழுக்கிறோம். அந்த 48 நியூட்டனுக்கு மட்டும் செலுத்துபவர் எவருமில்லை, எதிர்விசையும் இல்லை. வினை இருக்கிறது, எழுவாய் இல்லை. ஒரு விசை போலியா என்று அறிய இந்தக் கேள்வி ஒன்று போதும்: இதைச் செய்வது எது?

இன்னோர் அடையாளமும் உண்டு. அதை விளக்க நம் மளிகைக் கடைத் தராசே போதுமானது. மின்தூக்கிக்குள் ஒரு தட்டுத் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்று கொள்வோம். ஒரு தட்டில் ஒரு கிலோ அரிசி, மறுதட்டில் ஒரு கிலோ படிக்கல். மின்தூக்கி எப்படி முடுங்கினாலும் தராசின் முள் நடுவிலேயே நிற்கும். அரிசி மீது எவ்வளவு போலி விசையோ அதே அளவு படிக்கல் மீதும் விழுகிறது. வில் கருவி அறுபத்தைந்து, ஐம்பத்தைந்து என்று மாற்றிச் சொல்லும் இடத்தில் தராசு ஒரே சொல்லாக நிற்கிறது. வில் கருவி அளப்பது தள்ளும் விசையை. தராசு ஒப்பிடுவது இரண்டு பொருள்களின் நிறையை. பழந்தமிழ் தராசுக்கு நிறைகோல் என்று பெயரிட்டது எத்தனை பொருத்தம்! நல்லாசிரியருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் ஒன்றும் அதுவே. ஏறினாலும் இறங்கினாலும் மாறாமல் சொல்வது அதன் இயல்பு. அதற்கும் ஓர் எல்லை உண்டு: மின்தூக்கி தடையின்றி விழும்போது இரு தட்டும் பாரமற்றுப் போவதால், தராசு எந்தச் சாய்வில் விட்டாலும் அப்படியே நிற்கும், எதையும் சொல்லாது.

தராசு ஏமாறாததன் காரணம், போலி விசை ஒவ்வொரு பொருள் மீதும் அதன் நிறைக்குத் தக்கபடியே விழுகிறது என்பது. யானைக்கு யானை அளவு, எறும்புக்கு எறும்பளவு. காந்தம் அப்படிச் செய்வதில்லை. இரும்பை இழுக்கும், மரத்தை விட்டுவிடும். நிறைக்குத் தக்கபடி, பொருள் எதுவென்று பாராமல் எல்லாவற்றின் மீதும் விழும் விசை நமக்கு நன்கு தெரிந்த இன்னொன்று உண்டு. அது புவியீர்ப்பு.

இந்த ஒற்றுமை தற்செயலா என்ற ஐயம், 1907 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய ஐன்ஸ்டைனைப் பற்றிக்கொண்டது. தடையின்றி விழும் ஒருவர் தம் எடையை உணரமாட்டார் என்ற எண்ணம் தமக்கு நாற்காலியில் அமர்ந்திருக்கையில் தோன்றியதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார்; தம் வாழ்வின் மிக மகிழ்வான எண்ணம் என்றும் அதைக் குறித்திருக்கிறார். சாளரமற்ற பெட்டிக்குள் நிற்பவர் காலடியில் பாரத்தை உணர்கிறார். அந்தப் பெட்டி பூமி மீது நிற்கிறதா, அல்லது எந்தக் கோளும் இல்லாத வெட்டவெளியில் 9.8 என்னும் முடுக்கத்தோடு மேல்நோக்கிச் செல்கிறதா என்பதை அவர் எந்தக் கருவியாலும் பிரித்தறிய முடியாது என்பது அவர் கருத்து. அப்படியானால் போலி விசைக்கும் ஈர்ப்புக்கும் இடையில் நாம் போட்ட கோடு எங்கே போயிற்று? 1915 இல் முழுமை பெற்ற அவருடைய கொள்கையில் ஈர்ப்பும் போலியின் பக்கம்தான் சேர்கிறது. அங்கே தடையின்றி விழுபவர் மீது விசையே இல்லை. தரையில் நிற்கும் நம்மைத்தான் தரை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

இது வெறும் சொல்விளையாட்டு அன்று என்பதற்குச் சான்று நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. இன்றைய கைப்பேசிகளுக்குள் முடுக்கமானி என்றொரு நுண்கருவி உண்டு. அசையாத மேசை மீது கைப்பேசியை வைத்தால் அது சுழியத்தைக் காட்டுவதில்லை, மேல்நோக்கி 9.8 என்று காட்டுகிறது. மெத்தை மீது விழவிட்டால், விழும் அந்தக் கணத்தில் சுழியத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு நிற்பது எது, முடுங்குவது எது என்ற முடிவுக்கு நேர் எதிரான முடிவை அந்தக் கருவி சொல்கிறது. அதுவும் நம் முள் கருவியைப் போல, தாங்குபவரின் தள்ளுதலை மட்டுமே அறியும்.

ஐன்ஸ்டைனின் பெட்டிக்கும் ஓர் எல்லை உண்டு. அது சிறிதாக இருக்க வேண்டும். பூமி மீதுள்ள பெட்டிக்குள் இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு பந்துகளை விழவிட்டால், இரண்டும் பூமியின் மையத்தை நோக்கியே விழுவதால் மிக மிகச் சிறிதளவு ஒன்றையொன்று நெருங்கும். இரண்டு மீட்டர் விழுவதற்குள் அந்த நெருக்கம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வெட்டவெளியில் முடுங்கும் பெட்டியிலோ இரண்டும் இணையாகவே விழும். மின்தூக்கி அளவில் இந்த வேறுபாடு பொருட்டன்று. பூமி அளவில் பெரிதாகிறது. நிலவுக்கு அருகிலுள்ள பக்கத்தை நிலவு மிகுதியாகவும் மறுபக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால்தான் கடலில் ஏற்றவற்றம் நிகழ்கிறது. எந்த மின்தூக்கிக்குள் ஏறி விழுந்தாலும் அந்த வேறுபாட்டை ஒழிக்க முடியாது. ஈர்ப்பில் போலி என்று விலக்க முடியாமல் எஞ்சி நிற்பது அதுதான்.

'போலி விசை' என்ற கலைச்சொல்லை மாற்ற வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். மாற்ற வேண்டியதில்லை என்பது நம் கருத்து. இந்தச் சொல்லை ஆளும் இயற்பியல் ஆசிரியர்கள் இலக்கணப் பொருளையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். தமிழாசிரியர்கள் போலியை நடத்தும் நாளில் மின்தூக்கியை ஒரு முறை நினைவூட்டினால் போதும். மின்தூக்கியில் ஏறும் எவரும் கதவு மூடியபின் காலடியைக் கவனிக்கலாம். பாதம் ஒரு நொடி அழுந்தும், பிறகு மறந்துபோகும், நிற்கும் முன் ஒரு கணம் இலேசாகும். அந்த மூன்று நிலையிலும் பூமி ஒரே அளவாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. கூடியதும் குறைந்ததும் தரை நம்மைத் தாங்கிய அளவு.